48 ஆயிரம் சொன்ன வண்டிக்கு 30 ஆயிரம் கேட்டால் என்ன பதில் போடலாம்?

2019 மாடல் ஸ்கூட்டர், ஒரே ஓனர், 48,000 ரூபாய் என்று விளம்பரம் போடுகிறோம். முதல் மெசேஜே "ப்ரோ, 30க்கு முடிச்சுக்கலாமா? கையில காசு ரெடி" என்று வருகிறது. நம் மனதில் உள்ள அடிவிலை 43,000 என்று வைத்துக்கொள்வோம்.

"டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்று வெட்டிவிடுவது ஒரு வழி. மனசு ஆறும், அவ்வளவுதான். சும்மா ஆழம் பார்க்க 30 கேட்டு, கடைசியில் 44க்கு வாங்கிப்போகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து போய்விடுவார்கள்.

"சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், 39" என்று நடுவில் வெட்டுவது இன்னொன்று. பார்க்க நியாயமாகத் தெரிந்தாலும் மூன்றில் இதுதான் மோசம் என்பேன். வண்டியை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் 9,000 போய்விட்டது. அடிவிலைக்கும் கீழே இறங்கியாயிற்று. நேரில் வந்ததும் பேச்சு 39இலிருந்து இன்னும் கீழேதான் போகும்.

காரணம் சொல்லி எதிர்விலை வைப்பது மூன்றாவது. இப்படி:

"கேட்டதுக்கு நன்றிங்க. 30க்குக் கட்டாது. ரெண்டு டயரும் பேட்டரியும் போன வருஷம் மாத்தினது, பில் இருக்கு. இன்சூரன்ஸ் அடுத்த மார்ச் வரை ஓடும். 46,500னா தரலாம். ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிப் பாருங்க, மெக்கானிக்கையும் கூட்டிட்டு வாங்க."

இதில் உள்ள காரணம் ஒவ்வொன்றும் பில்லிலோ பாலிசியிலோ அவரே சரிபார்க்கக் கூடியது. "ஆசையா வச்சிருந்த வண்டி" என்பதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். இறங்கியதும் 1,500தான், அடிவிலைக்கு மேல் இன்னும் 3,500 கையில் இருக்கிறது. மெக்கானிக் வந்து பின்பக்க ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது என்றால், மாற்ற ஆகும் செலவைக் கேட்டு அதை மட்டும் கழிக்கலாம். அப்போது பேச்சு அந்தப் பாகத்தைப் பற்றியதாகிவிடும், 30 பக்கமே போகாது.

இது எல்லாரிடமும் பலிக்காது. கிலோமீட்டர் எவ்வளவு, ஆர்சி யார் பேரில் என்று எதையும் கேட்காமல் "30 ஃபைனல்" என்றே திரும்பத் திரும்ப அனுப்புகிறவர் பெரும்பாலும் புரோக்கர். வாங்கி விற்று லாபம் பார்க்க வேண்டியவருக்கு நம் டயர் பில்லால் ஒன்றும் ஆகாது. அவரிடம் நீட்டி முழக்காமல், "இப்போதைக்கு 46,500தாங்க, கொஞ்சம் ஏத்த முடிஞ்சா சொல்லுங்க" என்று நிறுத்திக்கொள்ளலாம். மாதக் கடைசி வரை வண்டி போகாவிட்டால், அதே நம்பருக்குக் கூச்சமில்லாமல் கூப்பிட்டு "இப்ப எவ்வளவு வரை வருவீங்க?" என்று கேட்கலாம். முதல் வழியில் திட்டி அனுப்பியவருக்கு அந்த வசதி இல்லை.