தொழில் உரிமப் புதுப்பிப்பு அறிவிப்பைச் சுருக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

எங்கள் ஊர் நகராட்சி எல்லைக்குள் மாவு அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். பிப்ரவரி தொடக்கத்தில் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. நான்கு பக்கம், நெருக்கமான எழுத்து, பாதிக்கு மேல் விதிகளின் எண்கள். அதே தெருவில் இருக்கும் ஒரு கணினி மையத்தில், "அறிவிப்பைக் கொடுங்கள். கட்டணம் எவ்வளவு, என்னென்ன ஆவணம், கடைசி நாள் எது என்று சுருக்கமாக எழுதித் தந்து, விண்ணப்பத்தையும் நாங்களே போட்டுவிடுகிறோம்" என்றார்கள். அரைத் தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று வரியும் தவறு. அதனால் எனக்கு உரிமம் தாமதமானது, பணமும் போனது. மார்ச் மாதத்தில் இதே வேலைக்காகப் பல கடைக்காரர்கள் இத்தகைய மையங்களுக்குப் போகிறார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அவர்கள் கொடுத்த தாளில் இருந்தது இதுதான்: "மொத்தக் கட்டணம் வரிகள் உட்பட 4,500 ரூபாய். ஆவணங்கள்: ஆதார், பழைய உரிமம், வாடகை ஒப்பந்த நகல், புகைப்படம். கடைசி நாள் மார்ச் 31."

முதலில் கடைசி நாள். அறிவிப்பில் மார்ச் 31 என்ற தேதி இருக்கிறது. ஆனால் அது நடப்பு உரிமம் முடியும் நாள். அதற்கு இரண்டு பத்தி கீழே, உரிமம் முடிவதற்கு 30 நாள்களுக்கு முன்பே விண்ணப்பம் வந்து சேர வேண்டும் என்றும், பிறகு வருவதற்கு உரிமக் கட்டணத்தில் பாதி தாமதக் கட்டணம் என்றும் எழுதியிருந்தது. மார்ச் 31-இலிருந்து 30 நாள் பின்னால் எண்ணினால் மார்ச் 1. மையத்தில் இருந்தவர் கண்ணில் பட்ட முதல் தேதியை எடுத்து எழுதிவிட்டு, மார்ச் கடைசி வாரத்தில்தான் விண்ணப்பத்தைப் பதிவேற்றினார். அவர்கள் கையில் அறிவிப்பு ஏறக்குறைய ஒன்றரை மாதம் கிடந்தது.

கட்டணத்தில் நடந்தது இன்னும் மோசம். மில், மரம் அறுக்கும் பட்டறை, லேத் போன்ற தொழில்களுக்கு உரிமக் கட்டணம் தனி, இயந்திரங்களின் குதிரைத்திறனுக்கான கட்டணம் தனி. எங்கள் அறிவிப்பில் உரிமக் கட்டணம் 1,200 ரூபாய். இயந்திரத்துக்கு 10 எச்.பி. வரை 800 ரூபாய், அதற்கு மேல் 20 எச்.பி. வரை 1,500 ரூபாய். இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், எனவே என் எண்களை உங்கள் கடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் மாவு அரைக்க 10 எச்.பி. மோட்டாரும், மிளகாய்த்தூள் அரைக்க 5 எச்.பி. மோட்டாரும் இருக்கின்றன. அறிவிப்பின்படி மொத்தத் திறனைக் கணக்கிட வேண்டும். அது 15 எச்.பி. ஆக, நான் கட்ட வேண்டியது 1,200-உம் 1,500-உம் சேர்த்து 2,700 ரூபாய். பழைய உரிமத்திலேயே இரண்டு மோட்டாரும் குறிப்பிடப்பட்டிருந்தன, அந்த நகலும் அவர்களிடம் இருந்தது. ஆனாலும் ஒரு மோட்டாரை மட்டும் காட்டி 2,000 ரூபாய் கட்டியிருந்தார்கள்.

மில் வைத்திருப்பவர்கள் இதை மின் இணைப்பை வைத்தே சரிபார்க்கலாம். ஒரு எச்.பி. என்பது 0.746 கிலோவாட். 15 எச்.பி. என்றால் ஏறத்தாழ 11.2 கிலோவாட். மின்கட்டண விவரத்தில் இருக்கும் அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கும் விண்ணப்பத்தில் எழுதிய எச்.பி.க்கும் பெரிய இடைவெளி இருந்தால், ஆய்வுக்கு வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

"வரிகள் உட்பட" என்று எழுதியதில்தான் பணம் மறைந்தது. தொழில் வரி வேறு, தொழில் உரிமக் கட்டணம் வேறு. தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும் அக்டோபர் முதல் மார்ச் வரையும், அதற்கென்று உள்ள வரிவிதிப்பு எண்ணில் கட்டுவது. அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவின்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போட முடியாது. எனக்கு இரண்டாம் அரையாண்டு நிலுவை 1,250 ரூபாய் இருப்பதை அறிவிப்பு தனியாகச் சொல்லியிருந்தது. உரிம விண்ணப்பத்தோடு அது தானாகக் கட்டப்படாது. என்னிடம் 4,500 வாங்கிக்கொண்டு 2,000 மட்டும் கட்டி, வரியைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். நான் ரசீது கேட்டபோதெல்லாம் "உரிமத்தோடு சேர்ந்து வரும்" என்றார்கள். கட்டணம் கட்டியதும் ரசீது உடனே வந்துவிடும், உரிமம்தான் ஆய்வுக்குப் பிறகு வரும். ரசீதையும் உரிமத்தையும் ஒன்றாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆவணங்களில், வாடகை ஒப்பந்தம் விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் இருக்க வேண்டும் என்று அறிவிப்பு கேட்டிருந்தது. அவர்கள் தாளில் அந்த நிபந்தனையே இல்லை. என்னுடையது 11 மாத ஒப்பந்தம், ஜனவரியில் முடிந்திருந்தது. கட்டட உரிமையாளரின் சொத்து வரி ரசீதும் வேண்டும், அதையும் விட்டுவிட்டார்கள். பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் தனக்குக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். அதே நான்கு ஆவணம், அதே மார்ச் 31. அவருடையது சொந்தக் கட்டடம்! அவருக்கும் வாடகை ஒப்பந்தம் என்று எழுதியிருந்தது. அறிவிப்பை ஒருவரும் படிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதெல்லாம் முன்பே தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. விண்ணப்பத்தில் கைப்பேசி எண் என்ற இடத்தில் மையத்தின் எண்ணைப் போட்டிருந்தார்கள். குறைகளைச் சொல்லி விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட குறுஞ்செய்தி அவர்களுக்குத்தான் போனது. ஏப்ரலில் சுகாதார ஆய்வாளர் கடைக்கு வந்து உரிமம் கேட்டபோது, பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். புதிய ஒப்பந்தம் எழுதி, வரி நிலுவையும் அவர்கள் குறைவாகக் கட்டியிருந்த 700 ரூபாயும் தாமதக் கட்டணம் 600 ரூபாயும் கட்டிய பிறகே உரிமம் கிடைத்தது. மையத்தினர் வரிப்பணம் 1,250 ரூபாயை மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதியைச் "சேவைக் கட்டணம்" என்கிறார்கள். அதற்கும் ரசீது இல்லை.

யாரிடமாவது சுருக்கம் கேட்பதாக இருந்தால், ஒவ்வொரு தொகைக்கும் தேதிக்கும் பக்கத்தில் அது அறிவிப்பின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்காதவரால் அதை எழுத முடியாது. தொகை ஒரே எண்ணாக இருக்கக் கூடாது: உரிமம், இயந்திரம், தொழில் வரி, சொத்து வரி, குப்பைக் கட்டணம் என்று எது உங்களுக்குப் பொருந்துமோ அது தனித்தனி வரியாக இருக்க வேண்டும். சென்னை தவிர மற்ற நகராட்சி, மாநகராட்சிகளின் வரிகளைத் தமிழ்நாட்டில் tnurbanepay.tn.gov.in தளத்தில் நீங்களே பார்க்கலாம், வரிவிதிப்பு எண் இருந்தால் போதும். விண்ணப்பத்தை அனுப்பும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, கைப்பேசி எண் உங்களுடையதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.