Kernel-Power என்று காட்டி பவர் சப்ளையை விற்பார்கள், கவனம்

சிங்கப்பூரில் கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்து ரேம், கிராபிக்ஸ் கார்டு மாற்றுபவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். அவர்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது ரைசன் 5 3600. 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை. அதில் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டும், "அதே 3200 வேகம்தான்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லி இன்னும் இரண்டு ரேமும் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் உறைய ஆரம்பித்தது. படம் அப்படியே நிற்கும், மவுஸ் நகராது, பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும்.

திரும்பக் கொண்டுபோனால், கடைப் பையன் விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் Event Viewer-ஐத் திறந்து Kernel-Power 41 என்ற வரியைக் காட்டினார். "பாருங்கண்ணே, பவர் பிரச்சினைன்னு விண்டோஸே சொல்லுது" என்று 140 வெள்ளிக்கு 750 வாட் பவர் சப்ளையை மாட்டிவிட்டார். அப்புறமும் உறைந்தது.

அந்த 41-க்கு அர்த்தம், போன தடவை விண்டோஸ் ஒழுங்காக மூடப்படவில்லை என்பது மட்டும்தான். உறைந்துபோன கம்ப்யூட்டரை நாமே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே வரிதான் பதிவாகும். கணக்கும் இடிக்கிறது. கார்டு 170 வாட், பிராசசர் 90-க்குள், மற்றதெல்லாம் சேர்த்து ஓர் 60. அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதே 550 வாட்தான். மின்சாரம் போதாவிட்டால் பெரும்பாலும் கனமான கேம் ஓடும்போது சட்டென்று அணையும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். எனக்கோ சும்மா செய்தி படிக்கும்போதே நின்றது.

சரி என்று பாகங்களின் விவரம் காட்டும் CPU-Z மென்பொருளைப் போட்டு, ரேமின் விவரம் இருக்கும் SPD பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பார்த்தேன். பழைய ரேமில் XMP-3200, அதாவது 3200 வேகத்தில் ஓடுவதற்கான அமைப்பு, இருந்தது. புதியவற்றில் XMP-யே இல்லை, உச்ச வேகம் 2666. பயாஸில் பழைய XMP அமைப்பு இயங்கிக்கொண்டே இருந்ததால், போர்டு நான்கையும் 3200-க்கு விரட்டியிருக்கிறது. ரேமைச் சோதிக்கும் MemTest86-ஐ யுஎஸ்பியில் ஓட்டியதும் சிவப்புப் பிழைகள் வரிசையாக வந்தன. XMP-யை அணைத்ததும் நான்கும் 2666-க்கு இறங்கின. இரவு முழுக்க ஓட்டியும் ஒரு பிழை இல்லை, உறைவதும் நின்றது. (XMP-யை அணைத்த பிறகும் பிழை வந்தால் ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்க வேண்டும்.)

நிஜமான 3200 ரேம்களே கொடுத்திருந்தாலும், இந்தப் பிராசசரில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஏஎம்டி உறுதி தருவது 2933 வரைக்கும்தான். விற்பவர் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

பில்லில் வெறும் "16GB RAM" என்றுதான் இருந்தது. நல்ல வேளையாக வாட்ஸ்அப் செய்தி இருந்தது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறையை, பழுதான பொருளை வாங்கியவர்களைக் காக்கும் லெமன் சட்டம், விற்றபோதே இருந்ததாக எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன பிறகே ரேமை மாற்றிக் கொடுத்தார்கள். பவர் சப்ளையைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். அந்த 140 வெள்ளிக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் மனு போடப் போகிறேன்.