ஸ்லைடு ஸ்லைடாகவா, தவறு தவறாகவா?

சக ஊழியர் ஒருவர் தன் வரைவு டெக்கை அனுப்பி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். 24 ஸ்லைடுகள். இதைப் பார்க்க இரண்டு வழி உண்டு. முதல் ஸ்லைடிலிருந்து கடைசி வரை போய், ஒவ்வொன்றிலும் எழுத்துரு, எண், எழுத்துப்பிழை, பெட்டிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் வரிசை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது ஒன்று. ஒரு சுற்றுக்கு ஒரே வகைத் தவறை மட்டும் தேடி, நான்கு முறை டெக்கைச் சுற்றி வருவது இன்னொன்று.

முதல் வழிதான் எல்லோருக்கும் இயல்பாக வருவது. ஐந்தாறு ஸ்லைடு என்றால் அதுவே போதும். ஆனால் முரண்பாடு என்பது ஒரு ஸ்லைடுக்குள் இருப்பதில்லை, இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவில் இருக்கிறது. 5-ஆவது ஸ்லைடும் சரியாகத் தெரியும், 17-ஆவதும் சரியாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் இடிக்கும். 17-க்குப் போய்ச் சேர்வதற்குள் 5-இல் என்ன இருந்தது என்பது மறந்துவிடுகிறது.

எண்களில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 5-ஆவது ஸ்லைடில் "பயனர்கள் 2.4 மில்லியனிலிருந்து 2.7 மில்லியன், 12.5% வளர்ச்சி". 17-ஆவது ஸ்லைடின் அட்டவணையில் 2,352,000, 2,681,000, பக்கத்தில் 14.0%. ஸ்லைடு ஸ்லைடாகப் போகிறவர் முதலாவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் 12.5 சரியாகவே வரும், இரண்டாவதும் அப்படியே. எண்களை மட்டும் தேடிப் போகிறவருக்கோ ஒரே வளர்ச்சிக்கு இரண்டு சதவீதங்கள் இருப்பது உடனே கண்ணில் படும். காரணமும் புரிந்துவிடும்: 5-இல் 2.4, 2.7 என்று முழுமையாக்கிய எண்களை வைத்து வளர்ச்சியைக் கணக்கிட்டிருக்கிறார்கள். முழுமையாக்காத எண்களில் கணக்கிட்டு, கடைசியில் முழுமையாக்கியிருந்தால் அங்கேயும் 14% என்றுதான் வந்திருக்கும். மேலுக்கு வெறும் வடிவ வேறுபாடாகத் தெரிந்தது, உள்ளே உண்மையான பிழை. இதற்காகவே நான் இரண்டாவது வழியின் பக்கம்.

எண் சுற்றின்போது ஒரு துண்டுத்தாளில் மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்வேன்: ஸ்லைடு எண், எழுதியிருப்பது, எதைக் குறிக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு வரி விழுந்தால் அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சுற்றுகளில் எது முன், எது பின் என்பதும் முக்கியம். எழுத்துரு முதலில், வரிசை கடைசியில். எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அகலம் மாறும், வரி மடியும், பெட்டி நீளும். முதலில் வரிசையைச் சரிசெய்தவர் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

எழுத்துருவை ஒவ்வொரு பெட்டியாகச் சொடுக்கிப் பார்க்க வேண்டியதில்லை. பவர்பாயிண்டில் `Replace Fonts` திறந்தால் டெக்கில் உள்ள எழுத்துருக்களின் பட்டியல் வந்துவிடும். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால், வேறெங்கிருந்தோ ஒட்டிய ஸ்லைடுகள் இருக்கின்றன என்று பொருள். ஆனால் படமாக ஒட்டிய வரைபடத்தில் இருக்கும் எழுத்து இந்தப் பட்டியலில் வராது, அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

எழுத்துப்பிழைக்கு `F7` ஒரு தொடக்கம், அவ்வளவுதான். ஒரு ஸ்லைடில் "வாடிக்கையாளர்", இன்னொன்றில் "கஸ்டமர்" என்று இருந்தால், இரண்டும் ஒன்றே என்பது அதற்குத் தெரியாது. தேடல் பெட்டியில் இரண்டு சொல்லையும் தனித்தனியாகத் தேடினால் எது எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வரிசைக்கு மட்டும் முதல் வழியும் கொஞ்சம் தேவைப்படுகிறது. முழுத்திரையில் வைத்து, எதையும் படிக்காமல், `Page Down` விசையை வேகமாகத் தட்டிக்கொண்டே போனால், இடம் மாறிய தலைப்பு குதிக்கும். அப்புறம் அந்தப் பெட்டியின் இட அளவைப் பார்த்தால் மற்றவை 1.27 செ.மீ.யில் இருக்க, இது 1.4-இல் இருக்கும். ஒரே ஸ்லைடில் நான்கு பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து `Align Left` கொடுக்கும்போது கவனம் வேண்டும்: எது ஆக இடதுபுறம் இருக்கிறதோ, மற்ற மூன்றும் அதை நோக்கிப் போகும். தவறாக நகர்ந்தது அதுவே என்றால் சரியான மூன்றும் கெட்டுவிடும்.

இன்னொரு கேள்வி, நாமே திருத்துவதா, குறிப்பு எழுதுவதா? எழுத்துருவையும் வரிசையையும் கோப்பின் நகலில் நானே திருத்திவிடுவேன், அவருடைய நேரமாவது மிஞ்சும். எண்ணைத் தொடவே மாட்டேன். "5-இல் 12.5%, 17-இல் 14.0%. 17-இன் எண்களிலிருந்து கணக்கிட்டால் 14.0 வருகிறது. 5-ஐ மாற்றலாமா?" என்று குறிப்பு மட்டும் வைப்பேன். அந்த 12.5 ஏற்கெனவே வேறொரு அறிக்கையில் போயிருக்கலாம். அது அவருக்குத்தான் தெரியும்.