இன்ஸ்டாகிராமில் கடைப் பெயரை மாற்றுவது: மாற்றிய நாளிலிருந்து மூன்று மாதம் வரை

பெயரை மாற்றினால் ஃபாலோயர்ஸ் போய்விடுவார்களோ என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் பயம். இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை அந்தப் பயம் தேவையில்லை. யூசர்நேமை மாற்றினாலும் ஃபாலோயர்ஸ், பதிவுகள், டிஎம் எல்லாம் அப்படியே இருக்கும். மற்றவர்கள் தங்கள் படங்களில் செய்த டேகும் உங்களிடமே வரும். இழப்பு வருவது வேறு வழியில்.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்தே பார்ப்போம். nurai.soap என்ற பெயரில் சோப்பு விற்றுவந்தவர்கள் இப்போது எண்ணெய், ஷாம்பூவும் விற்கிறார்கள். nurai.care என்று மாற வேண்டும். ‘நுரை’யை விடாமல் வைத்திருப்பது நல்ல முடிவு. முழுக்கப் புதுப் பெயர் வைத்தால் கீழே சொல்வதெல்லாம் இரட்டிப்பு வேலை.

முதலில் உடைவது instagram.com/nurai.soap என்ற முகவரி. அது புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. பிறர் பயோவிலும் கமெண்டிலும் @nurai.soap என்று எழுதியதும் தானாக மாறாது. தனிப் பதிவுகளின் லிங்க் மட்டும் தப்பும், ஏனென்றால் அதில் பெயர் இல்லை, பதிவின் குறியீடுதான் இருக்கிறது. ஆகவே இரண்டு வாரம் முன்பே உங்கள் இணையதளம், பில், பெட்டி மேல் ஒட்டும் லேபிள், க்யூஆர் என்று பழைய முகவரி இருக்கும் இடங்களைக் குறித்துவைக்க வேண்டும். இனி அச்சடிப்பதில் சொந்த டொமைனின் லிங்க்கைப் போட்டு, அங்கிருந்து இன்ஸ்டாவுக்குத் திருப்பிவிடுங்கள். அடுத்த முறை லேபிளைத் தொட வேண்டியிருக்காது.

அடுத்தது, கைவிட்ட பழைய பெயர். மாற்றிய பிறகு சுமார் 14 நாள் அதை உங்களுக்காகவே வைத்திருப்பார்கள், பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவர் உங்கள் லோகோவைப் போட்டுக்கொண்டு பழைய வாடிக்கையாளரிடம் பணம் கேட்டால், மாட்டுவது உங்களை அதிகம் நம்பியவர்தான். மாற்றிய அன்றே இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து அதற்குப் பழைய பெயரைக் கேளுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால், கிடைக்கும்வரை தினமும் கேளுங்கள். கிடைத்ததும் ஒரே ஒரு பதிவு, பயோவில் “இப்போது @nurai.care” என்ற வரி, அவ்வளவு போதும். எக்ஸ் தளத்தில் பழைய பெயருக்கு இப்படிக் காவல் இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது, அங்கே இதை அடுத்த நிமிடமே செய்ய வேண்டும். யூடியூபில் 14 நாளுக்குப் பழைய ஹேண்டிலும் வேலை செய்யும்.

உண்மையான அன்ஃபாலோ எங்கே நடக்கிறதென்றால், ஃபீடில். தெரியாத பெயர், தெரியாத வட்டப் படம் இரண்டும் ஒரே நாளில் வந்தால், ‘இதை எப்போ ஃபாலோ பண்ணோம்?’ என்று தட்டிவிட்டுப் போவார்கள். அதனால் பெயரை மாற்றும்போது லோகோவைத் தொடாதீர்கள். மூன்று நான்கு வாரம் கழித்துப் புது லோகோ, அதுவும் பழைய பின்னணி நிறத்திலேயே. கட்டண வெரிஃபைட் கணக்கென்றால் கதை வேறு: பெயரோ படமோ மாறினால் மறுபடி சரிபார்ப்பு வரலாம், எனவே அவர்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிப்பது மேல்.

டிஸ்ப்ளே நேம் தேடலில் வருவதால் அதில் “நுரை கேர் | முன்பு நுரை சோப்” என்று மூன்று மாதமாவது இருக்கட்டும். இதை 14 நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். எழுத்துப்பிழையில் ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். பழைய வாடிக்கையாளர் மறு ஆர்டருக்கு இன்பாக்ஸில் ‘soap’ என்று தேடுவார். யூசர்நேமில் அந்தச் சொல் போய்விட்டது, டிஸ்ப்ளே நேமைத் தமிழில் எழுதினால் அதிலும் இருக்காது. ஆங்கில எழுத்தில் தேடுபவர்கள் அதிகமென்றால் இந்த வரியையும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பணம் செலுத்தும் திரையில். பக்கத்தில் புதுப் பெயர், பணம் கட்டும்போது பழைய பெயர் என்றால் மோசடி என்றே நினைப்பார்கள். வங்கிக் கணக்கின் பெயர் உடனே மாறாது. அதுவரை பணம் கேட்கும் ஒவ்வொரு மெசேஜிலும் “திரையில் நுரை சோப் என்று வரும், அது நாங்கள்தான்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க மொத்த ஃபாலோயர் எண்ணிக்கை உதவாது. புது ஆட்கள் வருவதில் போனவர்கள் மறைந்துவிடுவார்கள். இன்சைட்ஸில் அன்ஃபாலோவைத் தனியாகப் பாருங்கள். பதிவு போட்ட நாட்களில் மட்டும் அது எகிறினால், ஆட்கள் உங்களை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். அப்போது புது லோகோவைத் தள்ளிப்போட்டு, அடுத்த சில பதிவுகளின் முதல் படத்திலேயே பழைய பெயரைப் பெரிதாகப் போடுங்கள். பதிவு போடாத நாளிலும் அதே அளவு இருந்தால் காரணம் பெயர் இல்லை.