தால்ச்சாவுக்கு எத்தனை விசில்? குக்கர் புழங்கிய அனுபவம்

எங்கள் வீட்டில் பல வருடமாக இரண்டு குக்கர்கள் ஓடுகின்றன. ஒன்று ஐந்து லிட்டர் அலுமினியம். வெளிமூடி, தனியாக எடுத்து வைக்கிற வெயிட். இன்னொன்று மூன்று லிட்டர் எவர்சில்வர், அடி கனமானது. இரண்டிலும் அதே கடைத் துவரம்பருப்பு, அதே அடுப்பு. ஆனால் விசில் கணக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. பெரியதில் நாலு விசிலுக்குக் குழைகிற பருப்பு சின்னதில் நாலு விசிலுக்குத் திப்பியாக நிற்கும். அடுப்பை மாற்றினால் அந்தக் கணக்கும் தலைகீழாகிவிடும்.

ஆம்பூரில் இருக்கும் நாத்தனார் போனில் கேட்டாள்: “அண்ணி, தால்ச்சாவுக்கு எத்தனை விசில் விடணும்?” “விசில விடு, கடிகாரத்தப் பாரு” என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தால்ச்சாவை எடுத்துக்கொள்வதில் ஒரு வசதி: பருப்பு, உருளைக்கிழங்கு, ஆட்டுக்கறி மூன்றும் ஒரே பாத்திரத்தில் வேகவேண்டும், மூன்றுக்கும் நேரம் வேறு.

விசில் எதனால் வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். உள்ளே ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவு கூடும்போது வெயிட் தூக்கிக்கொள்கிறது. அப்போது உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ். கூடுதல் ஆவி வெளியே போனதும் அழுத்தம் கொஞ்சம் இறங்கி வெயிட் உட்கார்ந்துவிடும். அடுத்த விசில் எப்போது வரும் என்பது முழுக்கத் தீயின் கையில். பெரிய பர்னரில் முழுத் தீ வைத்தால் நிமிடத்துக்கு ஒன்று, சில சமயம் அதற்கும் முன்னால் வரும். ஐந்து விசில் நாலைந்து நிமிடத்தில் முடிந்துபோகும். அதே குக்கரை முதல் விசில் வந்ததும் சின்ன பர்னருக்கு மாற்றி சிம்மில் வைத்தால் அடுத்த விசிலுக்கே நாலைந்து நிமிடம் ஆகலாம். ஐந்து எண்ணி முடிக்க இருபது நிமிடம். உள்ளே சூடு இரண்டிலும் ஏறக்குறைய அதேதான். விசில் அதிகம் வருவதால் கூடுதலாக எதுவும் வேகாது. கேஸும் தண்ணீரும்தான் வீண். ஒரு வீட்டில் ஐந்து விசில் என்றால் ஐந்து நிமிடம், இன்னொரு வீட்டில் இருபது நிமிடம். யூடியூபில் பார்த்து “ஐந்து விசில் விடவும்” என்று எழுதிவைத்துக்கொண்டால் எப்படிச் சரியாக வரும்? குக்கரோடு வருகிற சிறு புத்தகத்தைப் புரட்டினால் நேரம் நிமிடத்தில்தான் போட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது.

நான் செய்வது இதுதான். மூடியைப் போட்டு, வெயிட் வைக்காமல் முழுத் தீயில் விடுவேன். குழாய் வழியாக ஆவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகப் பீய்ச்சும்போதுதான் வெயிட் வைப்பேன். உள்ளே இருக்கும் காற்று வெளியேறவேண்டும். காற்றும் ஆவியும் கலந்திருந்தால் வெயிட்டைத் தூக்கும் அளவு அழுத்தம் இருந்தாலும் சூடு 120 டிகிரிக்கு வராது. முதல் விசில் முழுதாக வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து நிமிடம் எண்ணுவேன். சிம்மில் விசிலே வராமல் லேசாகச் ‘சுஸ்’ஸென்று கசிந்துகொண்டிருந்தாலும் நல்லதுதான். அழுத்தம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நீளக் கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தட்டிப் பார்க்கலாம். சட்டென்று ஆவி சீறினால் அழுத்தம் இருக்கிறது. கீழே சொல்லும் நிமிடங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

இனி தால்ச்சா. ஐந்து லிட்டர் குக்கர், எலும்போடு அரைக் கிலோ ஆட்டுக்கறி, நூறு கிராம் கடலைப்பருப்பு, ஐம்பது கிராம் துவரம்பருப்பு. பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துவிட வேண்டும். வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு போட்டுக் கறியை வதக்கி, ஒன்றரை தம்ளர் தண்ணீர் மட்டும். கறியே தண்ணீர் விடும். தக்காளி இப்போது வேண்டாம், புளியும் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் பதினைந்து நிமிடம், பிறகு அணைத்துவிட்டு அழுத்தம் தானாக இறங்கும்வரை தொடவே கூடாது. அதற்குப் பத்து நிமிடம் போல ஆகும். அந்தப் பத்து நிமிடமும் சமையல் நேரம்தான், ஏனென்றால் உள்ளே சூடு நூறு டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. விசில் எண்ணுகிறவர்கள் கணக்கில் இது வருவதே இல்லை. அவசரத்துக்கு வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே குழம்பு திடீரென்று கொதித்து எழும்பி, கறி நார் நாராக வறண்டுபோகும். பருப்பாக இருந்தால் நுரை குழாய் வழியாக மேடையெல்லாம் தெறிக்கும்.

திறந்து பார்த்தால் கறி முக்கால் பதத்தில் இருக்கும். எலும்பின் நுனியில் கறி சுருங்கி மேலேறத் தொடங்கியிருக்கும், ஆனால் கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். அங்கே இருக்கிற சவ்வு கரைந்து ஜெலட்டின் ஆகவேண்டும், அதற்கு நேரம்தான் வேண்டும். இப்போது ஊறிய பருப்பைப் போட்டு, மூன்று தம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டு மூட வேண்டும். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. பருப்பு நுரைத்துக் குழாயை அடைக்கும். எல்லாம் ஏற்கெனவே சூடாக இருப்பதால் விசில் சீக்கிரம் வரும். சிம்மில் எட்டு நிமிடம், மறுபடி தானாக இறங்க விட வேண்டும். கடலைப்பருப்பு முழுசாகத் தெரியும், விரலால் அழுத்தினால் நசுங்கும். துவரை கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியிருக்கும். ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஏழெட்டு விசில் விட்டால், கெட்டியான பருப்பு அடியில் உட்கார்ந்து தீயும், மேலே கறி வேகாமல் கிடக்கும்.

உருளைக்கிழங்கை நான் மூடி போட்டு வேகவைப்பதே இல்லை. நாலாக வெட்டிய துண்டுகளைத் திறந்த குக்கரில் பன்னிரண்டு நிமிடம் போலக் கொதிக்கவிட்டு, பிறகு கத்தரிக்காய். எங்கள் ஊர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் விசேஷம், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். அது ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். எல்லாம் வெந்த பிறகுதான் தக்காளியும் புளிக்கரைசலும். புளிப்பு இருந்தால் பருப்பு, கிழங்கு இவற்றின் செல் சுவரைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் லேசில் இளகாது. புளித் தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்கு அரை மணி நேரம் கொதித்தாலும் ‘கடக் கடக்’கென்று இருப்பது அதனால்தான்.

தனியாகக் கிழங்கு வேகவைக்கும்போது விசில் இன்னொரு விதமாக ஏமாற்றுகிறது. மூன்று லிட்டரில் ஒரு தம்ளர் தண்ணீரும் நாலு கிழங்கும் வைத்தால் முதல் விசில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். விசேஷத்துக்கு ஐந்து லிட்டர் நிறையக் கிழங்கும் தண்ணீரும் வைத்தால் பதினைந்து நிமிடம்கூட ஆகும், அவ்வளவு நேரமும் கிழங்கு சூட்டில் வெந்துகொண்டே இருக்கும். அதே மூன்று விசிலுக்கு இங்கே தோல் வெடித்துக் களியாகும், அங்கே நடுவில் பச்சை நிற்கும். பச்சை நின்றதா என்பதை வெட்டிப் பார்த்தாலே தெரியும்: சுற்றிலும் மாவாக இருக்க, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மெழுகு போல மினுங்கும், கத்தி அங்கே தடுக்கும். நடுத்தரக் கிழங்கு முழுசாக என்றால் எனக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம், பாதியாக வெட்டினால் ஐந்து. தடிமன் கூடக் கூட நேரம் வேகமாக ஏறும், அதனால் சின்னதும் பெரியதும் கலந்து வைப்பதில்லை. கூடுதல் தண்ணீரும் வைப்பதில்லை, அரை அங்குலம் போதும், வேகவைப்பது ஆவி.

பருப்பில் இன்னும் ஒரு சிக்கல், வேலூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்: தண்ணீர். போர் தண்ணீரில் வைத்த பருப்பும் காவிரித் தண்ணீரில் வைத்த பருப்பும் ஒன்றாக வேகாது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அதே பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான். நல்ல தண்ணீரில் ஊறிய துவரம்பருப்புக்கு ஏழெட்டு நிமிடம், ஊறாததற்குப் பத்துப் பன்னிரண்டு. போர் தண்ணீர் என்றால் இன்னும் ஐந்து நிமிடம் சேர்க்க வேண்டும். பழைய சரக்காக இருந்தாலும் அப்படித்தான். மேலே தண்ணீர் தெளிந்து, கீழே பருப்பு தனித்தனியாக நின்றால் பழசு என்று புரிந்துகொள்ளலாம். அரிசிக்கு மேலே தனிப் பாத்திரத்தில் பருப்பை வைத்து, அதன்மேல் தட்டையும் கவிழ்த்து வைப்பவர்கள் நாலைந்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். பாசிப்பருப்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, மூன்று நாலு நிமிடம்.

விசிலே வராத நாளும் உண்டு. சிம்மில் வராவிட்டால் பரவாயில்லை. முழுத் தீயில் பத்து நிமிடமாகியும் விசில் வராமல் மூடி ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது விசிலுக்காகக் காத்திருந்தால் தண்ணீர் வற்றி அடி பிடிக்கும். அணைத்து, கேஸ்கட்டைக் கழுவி மாட்டிப் பார்க்கலாம். விறைத்துப்போயிருந்தால் புதுசு வாங்க வேண்டியதுதான். வெயிட் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்த்துவிடுவேன்.

கறி நேரத்தில் மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. இளம் ஆடு என்றால் மொத்தம் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், முற்றின ஆட்டுக்கு முப்பது. நாட்டுக்கோழியும் வயதைப் பொறுத்ததுதான். பிராய்லர் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதனால் கறியைக் குறைந்த நேரத்துக்கு வைத்து, திறந்து, ஒரு துண்டைக் கடித்துப் பார்ப்பேன். ரப்பர் மாதிரி இழுத்தால் போதவில்லை. நாராகப் பிரிந்து சக்கையாக இருந்தால் மிஞ்சிவிட்டது, அதற்கு மருந்து இல்லை. போதாததை மூடி மறுபடி ஏற்றினால் சூடாகவே இருப்பதால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெயிட் தூக்கிவிடும்; அங்கிருந்து ஐந்து நிமிடம் கொடுத்து அணைத்துவிடுவேன்.