தலைப்பொருக்கும் பம்பஸ் புண்ணும்: திருகோணமலையில் 3 கிழமை

உப்புவெளி வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே அம்மா என் மகளின் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பிள்ளைக்குத் தலை வார்க்கிறதே இல்லையா?" என்றார். 9 கிழமைப் பிள்ளை. உச்சந்தலையில் மஞ்சளாக, மெழுகு உருகிக் காய்ந்ததுபோல் பொருக்கு. டொரொண்டோவில் பொருட்படுத்தாத விஷயம், ஊரில் மூன்று வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஒருவர் நல்லெண்ணெய் என்றார், ஒருவர் சீப்பால் வாரி எடு என்றார், அம்மா நகத்தாலேயே கிளறப் போய்விட்டார்.

அயல்வீட்டில் பிரசவமான பிள்ளையைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினோம். எங்கள் பிள்ளை அவருடைய கணக்கிலேயே இல்லை, ஆனாலும் வந்து பார்த்தார், காசு கேட்கவில்லை. "இது ஊத்தை இல்லை அம்மா, உரஞ்சாதீங்கோ" என்றார். தோலின் எண்ணெய்ச் சுரப்பு கூடுவதால் வருவது, பிள்ளைக்குக் கடிக்காது, நோகாது, சில மாதங்களில் தானாகப் போய்விடும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் குளிக்க வார்க்க முதல் கொஞ்சம் பேபி ஒயில் பூசிக் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தடவி, பேபி ஷாம்பூவால் கழுவிவிடச் சொன்னார். எண்ணெயை இரவு முழுக்க விடக் கூடாதாம், இந்த வெக்கைக்கு அது வேர்வையோடு சேர்ந்து இன்னும் ஒட்டிக்கொள்ளும். பொருக்கோடு நாலு மயிர் வந்தால் பயப்பட வேண்டாம், திரும்ப முளைக்கும். தலை கசிந்தாலோ, இரத்தம் வந்தாலோ, மணத்தாலோ, முகத்துக்கும் உடம்புக்கும் பரவினாலோதான் டொக்டர். சரி, தலைக்கதை முடிந்தது.

உண்மையான பிரச்சினை கீழே இருந்தது. எல்லாரும் தலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நானும் அதைக் கவனிக்கவில்லை. பம்பஸ் போடும் இடம் பயணத்திலேயே சிவந்திருந்தது. விமானத்தில் ஒழுங்காக மாற்ற முடியவில்லை, இங்கே வந்தால் வேர்வை. முதல் இரண்டு நாள் சிவப்பு, பம்பஸ் உரசும் மேடான இடங்களில் மட்டும்தான், மடிப்புகள் சுத்தமாக இருந்தன. ஈரமும் மலமும் பட்டு வரும் சாதாரணப் புண் இப்படித்தான் இருக்கும், வீட்டிலேயே பார்க்கலாம். நனைந்த உடனே மாற்றுவது, வாசனை வைப்ஸை விட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரும் பஞ்சும், தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது, சிங்க் ஒக்சைட் கிறீம் தடிப்பாக, நாளுக்கு நாலைந்து தடவை பம்பஸ் இல்லாமல் துணியில் கிடத்துவது. அம்மா எடுத்து வந்த பவுடரை மட்டும் மறுத்தேன். தூள் பறந்து பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும், ஈரத்தில் கட்டியாகி உரசும்.

நாலாம் நாள் தொடை இடுக்கு மடிப்புக்குள்ளேயே பளபளவென்று சிவந்து, ஓரத்துக்கு வெளியே தனித்தனியாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்திருந்தன. எங்கள் நிறத்தில் அது சிவப்பைவிடக் கருஞ்சிவப்பாகத்தான் தெரியும், அதனால் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். நான் அதையும் பழைய புண் என்றே நினைத்து, அருகிலிருந்த பாமசிக்குப் போனேன். பெட்டியில் மூன்று மருந்து சேர்ந்த கிறீம் ஒன்றை, பிள்ளையின் வயதுகூடக் கேட்காமல், எடுத்து நீட்டினார்கள். மூன்றில் ஒன்று கடுமையான ஸ்டெராய்ட். பம்பஸ் போட்டு மூடிய இடத்தில் அது தோலுக்குள் கூடுதலாக இறங்கும், தோலை மெலிய வைக்கும், பச்சைப் பிள்ளைக்கு டொக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. நல்லவேளை, பெட்டியை வாசித்துவிட்டு வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரமே பிள்ளை டொக்டர் ஒருவரை சனல் பண்ணினோம். நம்பர் 14. வியர்க்க வியர்க்க ஒன்றரை மணித்தியாலம் காத்திருப்பு, பார்த்தது ஐந்து நிமிஷம், ஆனால் சரியாகப் பார்த்தார். முதலில் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார், துடைத்தாலும் போகாத வெள்ளை இருக்கிறதா என்று. பிறகு என்னைக் கேட்டார், "நீங்கள் அன்டிபயோட்டிக் ஏதும் எடுத்தீங்களா?" எடுத்திருந்தேன், வர முதல் கிழமை, மார்பில் பால்கட்டி. ஈர மடிப்பில் வளரும் கன்டிடா என்ற பங்கசு இது, அன்டிபயோட்டிக் அதற்கு வழிவிடும் என்றார். எழுதிக் கொடுத்தது ஸ்டெராய்ட் இல்லாத குளோட்ரிமசோல் கிறீம். முதலில் அதை மெல்லியதாகப் பூசி, கொஞ்ச நேரம் ஊறிய பிறகு சிங்க், புண் மறைந்த பின்னும் தான் சொன்ன நாள்வரை நிறுத்தாமல். மூன்று நாளில் புள்ளிகள் மங்கின.

வெளியே வரும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: கொப்புளம், சீழ், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல், இதில் எது வந்தாலும் சனல் நம்பருக்குக் காத்திருக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திரும்பும் நாள் புண் ஒன்றுமில்லை. தலைப்பொருக்கு அப்படியேதான் இருந்தது. விமான நிலையத்துக்கு வான் வந்து நிற்க, அம்மா தொப்பியை இன்னொருதரம் கழற்றிப் பார்த்தார்.