அடிப்படை நிலை ஒன்றா, மூன்றா? இரண்டு தொகுத்தறிதல் முறைகள், ஒரே கணக்கு

தனிநிலைக் கணித அசைன்மென்ட்டில் கணிதத் தொகுத்தறிதல் கேள்வி வந்தால், பேனாவை எடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். சாதாரணத் தொகுத்தறிதலா, வலுவான தொகுத்தறிதலா? வரையறையை மட்டும் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரே கணக்கை இரண்டு வழியிலும் போட்டால் எது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பிடிபடும்.

கணக்கு இதுதான்: 8 முதல் எல்லா முழு எண்களையும் 3-களையும் 5-களையும் மட்டும் கூட்டிப் பெறலாம் என்று நிறுவுக. P(n) என்ற கூற்றை முதலில் முழுதாக எழுதிவிடுவோம்: n = 3a + 5b ஆகும்படி a, b என்ற முழு எண்கள் உண்டு, இரண்டும் பூச்சியமோ அதற்கு மேலோ. கடைசித் துண்டை விட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும். 7 = 3·4 + 5·(−1) என்று யாரும் எழுதிவிடலாம்; ஆனால் 3-களையும் 5-களையும் கூட்டி மட்டும் 7 கிடைக்காது. இன்னொன்று, P(n) என்பது ஒரு கூற்று, எண் அல்ல. அதனால் "P(k) = 3a + 5b" என்று எழுதக்கூடாது. "P(k) உண்மை, அதாவது k = 3a + 5b" என்று எழுத வேண்டும்.

முதலில் சாதாரணத் தொகுத்தறிதல். அடிப்படை நிலை ஒன்றுதான்: 8 = 3 + 5. அப்புறம், k ≥ 8 ஆன ஏதோ ஒரு k-க்கு P(k) உண்மை என்று எடுத்துக்கொண்டு P(k+1)-ஐ நிறுவ வேண்டும். "எல்லா k-க்கும் P(k) உண்மை என்க" என்று எழுதினால் நிறுவ வேண்டியதையே எடுகோளாக வைத்ததாகிவிடும். "ஏதோ ஒரு" என்ற சொல்லை விடாதீர்கள்.

இந்தப் படியில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. k நம் கையில் இருக்கிறது, அதில் 1 கூட வேண்டும். நம்மிடம் 1 இல்லை. 3-ம் 5-ம்தான் இருக்கின்றன. அதனால் எதையாவது எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க வேண்டும். k-வில் ஒரு 5 இருந்தால் அதை எடுத்துவிட்டு இரண்டு 3-களை வைக்கலாம். 5 போய் 6 வந்தது, ஒன்று கூடிவிட்டது: k + 1 = 3(a + 2) + 5(b − 1). இங்கே b ≥ 1 என்பதால் b − 1 பூச்சியத்துக்குக் கீழே போகாது.

5 ஒன்றுகூட இல்லையென்றால்? அப்போது k முழுக்க 3-களால் ஆனது. 8-க்குக் குறையாத 3-ன் மடங்கு என்றால் குறைந்தது 9. ஆகவே மூன்று 3-களாவது இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு இரண்டு 5-களை வைத்தால் 9 போய் 10 வருகிறது: k + 1 = 3(a − 3) + 5·2. நிறுவல் முடிந்தது.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, 8 எங்கிருந்து வந்தது என்பதை இது வெளிச்சம் போட்டுக் காட்டுவதுதான். இதே படியை k = 6-ல் போட்டுப் பாருங்கள். 6 = 3 + 3. எடுக்க 5 இல்லை, மூன்று 3-களும் இல்லை. படி அங்கேயே நின்றுவிடுகிறது, 7-ம் கிடைக்காமல் போகிறது. k ≥ 8 என்ற நிபந்தனையை எந்த வரியில் பயன்படுத்தினோம் என்று உங்கள் விடையில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் படியில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இப்போது வலுவான தொகுத்தறிதல். இங்கே k ஒன்றை மட்டும் நம்பாமல், 8 முதல் k வரை எல்லாவற்றுக்கும் கூற்று உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். k + 1-ஐப் பெற, மூன்றுக்கு முன்னால் இருக்கும் k − 2-ஐ எடுத்து அதில் ஒரு 3-ஐக் கூட்டினால் போதும். மாற்றி வைக்கிற வேலையும் இல்லை, இரண்டு வகையாகப் பிரிக்கிற வேலையும் இல்லை.

எளிதாகத் தெரிகிறது. மதிப்பெண் போவதும் இங்கேதான். பலர் 8 = 3 + 5 என்று ஒரே அடிப்படை நிலையோடு நிறுத்திவிட்டு, "k ≥ 8 என்க" என்று படிக்குப் போய்விடுகிறார்கள். k = 8 என்று போடுங்கள். 9-ஐ நிறுவ 6 வேண்டும். எடுகோளோ 8-லிருந்துதான் தொடங்குகிறது. k = 9 என்றால் 10-ஐ நிறுவ 7 வேண்டும். 7-க்கோ கூற்றே பொய். 9-ம் 10-ம் உண்மையில் கிடைக்கும் எண்கள்தான், ஆனால் இந்த நிறுவல் அவற்றைத் தொடவே இல்லை. முடிவு சரியாக இருப்பதால் ஓட்டை கண்ணில் படுவதில்லை.

இதே வாசகங்களை 5-லிருந்து தொடங்கி எழுதினால் ஓட்டை பளிச்சென்று தெரியும். "அடிப்படை: 5 = 5. படி: k − 2-ல் ஒரு 3-ஐக் கூட்டு." ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனால் 7-ம் கிடைக்கும் என்று "நிறுவி" விடுகிறோம்.

அதனால் படியை முதலில் எழுதிவிட்டு, அது எத்தனை எண் பின்னால் போகிறது என்று எண்ணுங்கள். இங்கே 3 பின்னால் போகிறது. ஆகவே அடுத்தடுத்த மூன்று அடிப்படை நிலைகள் வேண்டும்: 8 = 3 + 5, 9 = 3 + 3 + 3, 10 = 5 + 5. படி k ≥ 10-லிருந்து தொடங்குகிறது, k − 2 ≥ 8 ஆகிறது. முதன்முதலில் நிறுவப்படும் எண் 11. அதற்கு 8 வேண்டும், இருக்கிறது. அந்த முதல் எண்ணைக் கையால் சோதித்துவிட்டால் போதும்.

"வலுவான" என்ற பெயரைப் பார்த்து இதற்குச் சக்தி அதிகம் என்று நினைக்க வேண்டாம். Q(k) என்பதை "P(8) முதல் P(k) வரை எல்லாம் உண்மை" என்று வைத்துக்கொண்டு Q-வுக்குச் சாதாரணத் தொகுத்தறிதல் செய்தால் அதுவேதான் இது. ஒன்றால் நிறுவ முடிந்ததை மற்றதாலும் நிறுவலாம். எழுதும் சுமைதான் மாறுகிறது. 1 + 2 + … + n = n(n + 1)/2 போன்ற கணக்கில் k + 1-வது கூட்டுத்தொகை k-வதிலிருந்து நேராக வருகிறது. அங்கே வலுவான எடுகோளை எழுதிவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவதில் பொருளில்லை.

3, 5 கணக்கில் இரண்டுமே சமாளிக்கக் கூடியவைதான். எண்களை 5, 8 என்று மாற்றினால் தராசு சாய்கிறது. அங்கே 28-லிருந்து எல்லா எண்களும் கிடைக்கும். சாதாரண வழியில் மூன்று 5-களுக்குப் பதில் இரண்டு 8-கள், மூன்று 8-களுக்குப் பதில் ஐந்து 5-கள் என்ற இரண்டு மாற்றங்களையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டில் ஒன்றாவது எப்போதும் முடியும் என்று காட்ட வேண்டும்: 5-களும் 8-களும் இரண்டிரண்டுக்கு மேல் இல்லையென்றால் கூட்டுத்தொகை 26-ஐத் தாண்டாது, k-வோ 28-க்குக் குறையாது. வலுவான வழியில் 28 = 5·4 + 8, 29 = 5 + 8·3, 30 = 5·6, 31 = 5·3 + 8·2, 32 = 8·4 என்று ஐந்து வரிகள், பிறகு "5-ஐக் கழி" என்ற ஒரே படி. இந்தக் கணக்கை அசைன்மென்ட்டில் நான் இரண்டாவது வழியில்தான் எழுதுவேன், ஐந்து வரிகளையும் ஒன்று விடாமல்.